பித்தப்பை கல் ஆபரேஷன், அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்: எத்தனை நாள் ரெஸ்ட், அப்புறம் என்ன சாப்பிடலாம்?

கரிசக்காட்டான்
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 54 வயசு, கோவில்பட்டி பக்கம் ஊரு. கொஞ்ச நாளாவே ராத்திரி சாப்பிட்டு படுத்தா மேல்வயித்துல வலது விலாவுக்குக் கீழ புடிச்சுக்கிடுது, அங்கேருந்து முதுகுக்கும் வலது தோளுக்கும் போகுதுன்னு சொல்வாங்க, ஒரு மணி ரெண்டு மணி நேரம் துடிச்சுட்டு தானா விட்டுரும். பக்கத்து கிளினிக்ல கேஸ்னு மாத்திரை குடுத்தாங்க. போன வாரம் கறிக்குழம்பு சாப்பிட்ட அன்னிக்கு ராத்திரி வலி ரொம்ப அதிகமாகி வாந்தியும் எடுத்துட்டாங்க. ஸ்கேன் பாத்ததுல பித்தப்பைல நெறைய கல்லு, பெருசு 14 மில்லிமீட்டர், பையோட சுவர் தடிப்பு இல்ல, பித்தக்குழாய் நார்மல்னு எழுதியிருக்கு. சர்ஜன் லேப்ராஸ்கோப்ல பையவே எடுத்துரலாம்னு சொல்லிட்டாரு. அம்மா கேக்குறது இதுதான்: கல்ல மட்டும் எடுத்தா போதாதா, பை இல்லாம சோறு செரிக்குமா, ஆயுசுக்கும் எண்ணெய் இல்லாமதான் சாப்பிடணுமா. சுகர் மாத்திரையும் போடுறாங்க. தெரிஞ்சவங்க எளிமையா சொல்லுங்க, அம்மாவுக்கு படிச்சுக் காட்டணும்.

மேட்டுப்பாளையத்தார்
அவசரப்படாதீங்க தம்பி. கல்லு இருந்தாலே அறுத்துப் போடணும்னு ஒண்ணும் இல்லீங்க, எங்க மாமியாருக்கு வேற எதுக்கோ ஸ்கேன் பண்ணப்ப பித்தப்பைல கல்லு இருக்குதுன்னாங்க, வலியே இல்ல, அப்படியே விட்டுருங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரு, இன்னிக்கு வரைக்கும் நல்லா இருக்காங்க. வாழத்தண்டு ஜூஸ் தினமும் காலைல வெறும் வயித்துல குடுங்க, கரையறதுக்கு மாத்திரையும் இருக்குது. அப்படியே எடுத்தாலும் அதுக்கப்புறம் எண்ணெய், முட்டை, கறி எதையும் தொடக் கூடாதுங்க, எங்க சித்தப்பா வருசக்கணக்கா ஆவில வெந்தது மட்டும்தான் சாப்புடறாரு.

வார்டு சிஸ்டர்
கரிசக்காட்டான் தம்பி, நான் சர்ஜரி வார்டுல ரொம்ப வருஷம் நர்ஸா இருந்து ரிடயர் ஆனவ. அம்மாவுக்கு படிச்சுக் காட்டணும்னு கேட்டதால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

பித்தநீர் ஊறுறது கல்லீரல்ல, பித்தப்பைல இல்ல. பை அத வாங்கி சேத்து வச்சுக்கும், எண்ணெய் கறி நெய்னு உள்ள போனதும் சுருங்கி குடல்ல விடும். அப்படி சுருங்கும்போது ஒரு கல்லு பையோட வாய்ல வந்து மாட்டிக்கிட்டா, பை அழுத்த அழுத்த வலி வரும். கல்லு பின்னாடி நகந்து விழுந்ததும் வலி போயிரும். அதான் அம்மாவுக்கு கறி சாப்பிட்ட ராத்திரி வந்து தானா விட்டது. இத கேஸ்னு நெனச்சு மாசக்கணக்கா மாத்திரை போட்டவங்க எங்க வார்டுக்கு எத்தனையோ பேரு வந்திருக்காங்க.

பைய எடுத்துட்டா என்ன ஆகும்? குழாயில தண்ணி ஓடிட்டேதான் இருக்கு, நடுவுல வச்சிருந்த குடத்த மட்டும் எடுக்குறோம், தண்ணி நேரா வாய்க்கால்ல போகும். சோறு செரிக்கும், கறியும் செரிக்கும். ஒரே நேரத்துல நிறைய எண்ணெய் உள்ள போனா மட்டும் மொத்தமா விடுறதுக்கு சேத்து வச்ச பித்தநீர் இருக்காது, அவ்வளவுதான்.

கல்ல மட்டும் ஏன் எடுக்குறதில்லன்னா கல்ல உண்டாக்கினதே அந்தப் பைதான், அது இருந்தா திரும்ப உண்டாகும். மேட்டுப்பாளையத்தார் சொல்ற மாத்திரை இருக்கு, பொய் இல்ல. ஆனா அது சின்னச் சின்ன கொலஸ்ட்ரால் கல்லுக்குத்தான், பையும் நல்லா சுருங்குறதா இருக்கணும், மாசக்கணக்குல சில பேருக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் போடணும், கரைஞ்சவங்கள்லயும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு 5 வருஷத்துக்குள்ள திரும்ப வருது. 14 மில்லிமீட்டர் கல்லுக்கு அது ஆகாது. வாழத்தண்டு நல்ல சாப்பாடு, ஆனா ஊர்ல அத குடுக்குறது கிட்னி கல்லுக்கு. கிட்னி வழி வேற, பித்த வழி வேற, ரெண்டும் எங்கயும் சேராது. வலியே இல்லாத கல்ல விட்டுரலாம்னு அவங்க சொன்னது முழுக்க சரி. உங்க அம்மாவுக்கு வலி வந்துருச்சு, ஒரு தடவ வந்தவங்களுக்கு திரும்ப வரத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆபரேஷன் தேதி வர்ற வரைக்கும் ராத்திரி சாப்பாட்ட கொஞ்சமா வைங்க, கறி, பொரிச்சது, தேங்காய் அரைச்ச குழம்பு வேணாம். வலி 5, 6 மணி நேரம் தாண்டியும் விடல, இல்ல காய்ச்சல் சேந்து வருதுன்னா பை வீங்கிருச்சுன்னு அர்த்தம். கண்ணு மஞ்சளாகுது, யூரின் கருத்துப் போகுது, குளிர் நடுக்கம் வருதுன்னா கல்லு பையத் தாண்டி பித்தக்குழாய்ல எறங்கிருச்சு. இந்த ரெண்டுல எது வந்தாலும் தேதிக்கு காத்திருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போயிருங்க.

சுகர் மாத்திரை பேர எழுதி மயக்க டாக்டர்ட்ட காட்டுங்க. டாபாக்ளிஃப்ளோசின் சேந்ததுன்னா ஆபரேஷனுக்கு 3 நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க, அன்னிக்குக் காலைல மட்டும் நிறுத்துனா பத்தாது. ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாச்சும் போட்டா அதயும் மறைக்காம சொல்லணும்.

மெரினா காத்து
ப்ரோ ஒண்ணும் பயப்படாதீங்க, எனக்கும் இதே ஆபரேஷன்தான், போன வருஷம் அப்பெண்டிக்ஸ். லேப்ராஸ்கோப், மூணே ஓட்டை, மறுநாள் வீட்டுக்கு வந்துட்டேன், அந்த வாரமே பிரியாணி சாப்ட்டேன், ஒண்ணும் ஆகல. அம்மாவும் எல்லாமே சாப்பிடலாம். டயட் கியட்னு சொல்றதெல்லாம் சும்மா பயமுறுத்துறது.

வார்டு சிஸ்டர்
தம்பி நீங்க நல்லா இருக்கறது சந்தோஷம், ஆனா ரெண்டும் ஒரே ஆபரேஷன் இல்ல. வெளிய பாத்தா ரெண்டுலயும் சின்ன சின்ன தழும்புதான் இருக்கும், அதுல உங்களுக்கு மூணு, பித்தப்பைக்கு பெரும்பாலும் நாலு. உள்ள நடக்குறது வேற.

குடல்வால்னு சொல்ற அப்பெண்டிக்ஸுக்கு சாப்பாடு செரிக்கிறதுல வேலையே இல்ல. அதனால எடுத்த பிறகு அதுக்குன்னு எந்த டயட்டும் கிடையாது. மயக்கம் தெளிஞ்சு குமட்டல் இல்லாம இருந்தா தண்ணி, கஞ்சி, இட்லின்னு ஆரம்பிச்சு அடுத்த ரெண்டு நாள்ல வீட்டு சாப்பாடு. நீங்க பிரியாணி சாப்பிட்டு ஒண்ணும் ஆகாததுக்கு அதான் காரணம். பித்தப்பை எண்ணெயோட சம்பந்தப்பட்டது, அதுல கொஞ்ச நாள் பாத்துதான் போகணும்.

அவசரத்துலயும் வித்தியாசம் உண்டு. வீக்கம் இல்லாத பித்தப்பை கல்லுக்கு நல்ல நாள் பாத்து, சுகர கட்டுப்படுத்தி, நிதானமா ஆபரேஷன் வச்சுக்கலாம். அப்பெண்டிக்ஸ் அப்படி இல்ல. முதல்ல தொப்புளச் சுத்தி மந்தமா வலி, பசி இருக்காது, வாந்தி வர்ற மாதிரி இருக்கும், அப்புறம் ஒரு நாளுக்குள்ள வலி கீழ் வயித்துல வலது பக்கத்துக்கு எறங்கிரும். இருமினாலும் வண்டி மேடு பள்ளத்துல ஏறி எறங்கினாலும் அந்த இடத்துல சுருக்குனு குத்தும். இந்த மாதிரி வலிக்கு வீட்ல விளக்கெண்ணெய் மட்டும் குடுத்துராதீங்க, வீங்கின குடல்வால் உடையறதுக்கு அது வழி பண்ணும். இன்னொண்ணு, அவ்வளவு நேரம் இருந்த வலி திடீர்னு கொறஞ்சு, அப்புறம் வயிறு முழுக்கப் பரவினா அது குணமானதில்ல, உடைஞ்சுருச்சு. உடைஞ்சா கதையே வேற, வயித்துல டியூப் வைப்பாங்க, ஆஸ்பத்திரிலயே ஒரு வாரம் போல ஆகும், பழைய தெம்பு வர ஒரு மாசம் கூட ஆகலாம்.

மலைக்கோட்டை மங்கை
சிஸ்டர், என் தம்பிக்கு இப்பதான் அப்பெண்டிக்ஸ்னு சிடி ஸ்கேன்ல சொல்லியிருக்காங்க, உடையல. ஒரு டாக்டர் ஆன்டிபயாடிக்லயே சரி பண்ணிரலாம்ங்கறாரு, இன்னொருத்தர் இன்னிக்கே எடுத்துரணும்ங்கறாரு. வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அவன் சின்ன வயசுல கொய்யா விதைய முழுங்கினதாலதான் வந்துச்சுன்னு பாட்டி வேற சொல்லிட்டு இருக்காங்க.

சர்ஜரி பிஜி
நான் சர்ஜரி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். ரெண்டு டாக்டர் சொல்றதும் தப்பு இல்ல. பின்லாந்துல இதப் பெரிய அளவுல செஞ்சு பாத்தாங்க, உடையாத அப்பெண்டிக்ஸுக்கு ஆன்டிபயாடிக் மட்டும் குடுத்தவங்கள 5 வருஷம் தொடர்ந்து பாத்ததுல 100ல 39 பேருக்கு அதுக்குள்ள எப்படியும் ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு. மீதி 61 பேரு ஆபரேஷன் இல்லாம தப்பிச்சாங்க. இத நீங்க எப்படி வேணா பாக்கலாம், அதான் இன்னும் சண்டை போயிட்டு இருக்கு. சிடி ரிப்போர்ட்ல குடல்வாலுக்குள்ள கல்லு மாதிரி கெட்டிப்பட்ட மலம் அடைச்சிருக்குன்னு எழுதியிருக்கான்னு மட்டும் பாருங்க, அது இருந்தா மருந்து தோக்குறதுக்கும் உடையறதுக்கும் வாய்ப்பு கூட, நான்னா எடுத்துருவேன். தம்பி அடிக்கடி வெளியூர், கடல், மலைனு ஆஸ்பத்திரி இல்லாத எடத்துக்கு வேலைக்கு போறவர்னாலும் எடுத்துறது நல்லது. கொய்யா விதையப் பத்தி கவலைய விடுங்க, பெரும்பாலும் அந்த வழி அடைபடுறது மலத்தாலயோ, உள்ள இருக்குற நிணநீர்க் கட்டி வீங்குறதாலயோதான்.

அப்புறம் சிஸ்டர் சொன்னதுல ஒரு எடத்துல நான் ஒத்துக்க மாட்டேன். பித்தப்பை எடுத்தவங்களுக்கு தனி டயட் வேணும்னு உறுதியான ஆதாரம் இல்ல. எங்க யூனிட்ல மறுநாளே நார்மல் சாப்பாடுன்னு எழுதி அனுப்புறோம், ஒத்துக்கலேன்னா கொறச்சுக்கட்டும்.

வார்டு சிஸ்டர்
பிஜி தம்பி, நீங்க எழுதிக் குடுத்துட்டு அடுத்த கேஸுக்கு போயிருவீங்க. நார்மல் சாப்பாடுன்னு பேப்பர்ல பாத்துட்டு மூணாம் நாளு விருந்துல பரோட்டா சால்னா சாப்பிட்டு வயித்த புடிச்சுக்கிட்டு போன் பண்றவங்க கிட்ட பேசினது நாங்க. ஆயுசுக்கும் எண்ணெய் கூடாதுன்னு நானும் சொல்லல, அது தேவையே இல்ல. ரெண்டு மூணு வாரம் எண்ணெய பிரிச்சுப் பிரிச்சு கொஞ்சமா குடுங்கன்னுதான் சொல்றேன்.

கரிசக்காட்டான்
ரொம்ப நன்றி. அம்மா இப்ப வீட்டுக்கு வந்துட்டாங்க. ஆபரேஷன் ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் கூட, லேப்ராஸ்கோப்லயே முடிஞ்சுது, கல்ல ஒரு டப்பால போட்டு காட்டுனாங்க. சுகர் மாத்திரைய மயக்க டாக்டர் முன்னாடியே மாத்திக் குடுத்துட்டாரு, சிஸ்டர் சொன்னது அப்படியே நடந்துச்சு. இப்ப ரெண்டு விஷயம். வயித்த விட வலது தோள்தான் வலிக்குதுங்காங்க, முன்னாடி கல்லு வலி வந்த அதே எடம், கல்லு ஏதும் விட்டுட்டாங்களோன்னு பயப்படுறாங்க. இன்னொண்ணு, சொந்தக்காரங்க எல்லாம் பத்தியம்னு சொல்லி பருப்பு, முட்டை, மீன், கத்திரிக்காய் எதுவும் கூடாது, தையல் சீழ் புடிக்கும்னு மிளகு ரசமும் சோறும் மட்டும் குடுக்கச் சொல்லுதாங்க.

வார்டு சிஸ்டர்
தோள் வலிக்கு பயப்பட வேணாம்னு அம்மாட்ட சொல்லுங்க. கேமரா விட்டு பாக்க வயித்த கார்பன் டை ஆக்சைடு காத்த அடிச்சு உப்ப வைப்பாங்க. முடியும்போது வெளிய எடுத்துருவாங்க, ஆனாலும் கொஞ்சம் மேல உதரவிதானத்துக்கு அடில தங்கிரும். உதரவிதானத்துக்குப் போற நரம்பும் தோளுக்குப் போற நரம்பும் கழுத்துல ஒரே எடத்துலருந்து வர்றதால வலி தோள்ல தெரியும். ரெண்டு மூணு நாள்ல தானா போயிரும். படுத்தே இருக்காம வீட்டுக்குள்ள மணிக்கொரு தரம் நடக்க வைங்க, அது காலு நரம்புல ரத்தம் கட்டாம இருக்கவும் நல்லது. வலியோட மூச்சு வாங்குது, நெஞ்ச அடைக்குதுன்னா மட்டும் அது வேற, உடனே கூட்டிட்டுப் போங்க.

பத்தியம் விஷயத்துல நான் கண்டிப்பா சொல்றேன். காயம் ஆறுறதே பருப்பு, முட்டை, மீன்ல இருக்குற புரதத்தாலதான். அத நிறுத்திட்டு ரசஞ்சோறு மட்டும் குடுத்தா, அதுவும் சுகர் இருக்குறவங்களுக்கு, சுகர் ஏறும், புண்ணு ஆறாது. சீழ் புடிக்கிறது கிருமியால, கத்திரிக்காயால இல்ல.

காலைல ரெண்டு மூணு இட்லி, பாசிப்பருப்பு சாம்பார். நடுவுல மோர். மத்தியானம் குழைய வெந்த சோறு, பருப்பு, சுரைக்காயோ பீர்க்கங்காயோ ஒரு கூட்டு, தேங்காய் கொறைவா. ஒரு முட்டை அவிச்சுக் குடுக்கலாம், இல்ல மீன குழம்புல போட்டுக் குடுங்க, பொரிக்க வேணாம். ராத்திரி சீக்கிரமே இட்லியோ இடியாப்பமோ. மொத்தத்துல எண்ணெய் ஒரு நாளைக்கு 3, 4 டீஸ்பூன் போல வச்சுக்கிட்டு எல்லா வேளைக்கும் பிரிச்சு விடுங்க. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தோசை, அது ஒத்துக்கிச்சுன்னா கொஞ்சம் கறி, இப்படி ஒவ்வொண்ணா சேருங்க. வலி மாத்திரையால மலம் இறுகும், அதனால தண்ணி நெறைய குடிக்கணும், முக்கக் கூடாது.

ஈரோட்டு மஞ்சள்
இடைல வர்றேன்ங்க, ஆனா இத சொல்லியே ஆகணும். எங்க அப்பாவுக்கு இதே பித்தப்பை ஆபரேஷன். வீட்டுக்கு வந்து நாலாம் நாள் வலி கொறையறதுக்கு பதிலா கூடிருச்சு, வயிறு உப்பிக்கிட்டே போச்சு, சாப்பிட முடியல, லேசா காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினா கேஸ், நடங்கன்னு சொன்னாங்க. அடுத்த நாள் கண்ணு மஞ்சள். வேற எடத்துக்கு கூட்டிட்டுப் போய் பாத்தா பித்தநீர் வயித்துக்குள்ள கசிஞ்சு தேங்கி இருந்துச்சு. டியூப் போட்டு வெளிய எடுத்து, வாய் வழியா கேமரா விட்டு பித்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்சுதான் சரி ஆச்சு, ஒரு மாசத்துக்கு மேல ஓடிப்போச்சு. தோள் வலிய கேஸ்னு விடலாம், வயித்த விடாதீங்க.

சர்ஜரி பிஜி
ஈரோட்டு மஞ்சள் சொன்னத எல்லாரும் ஒரு தடவ நல்லா படிங்க. இது அடிக்கடி வர்ற சிக்கல் இல்ல, ஆனா வந்தா வீட்ல இருக்குறவங்கதான் முதல்ல பாப்பாங்க. இந்த ஆபரேஷன்ல ஒவ்வொரு நாளும் முந்தின நாள விட நல்லா இருக்கணும். மூணாம் நாள் நடந்தவங்க அஞ்சாம் நாள் படுக்கைலருந்து எந்திரிக்க முடியலேன்னா, வேற எந்த அறிகுறியும் இல்லேன்னாலும் அதுவே போதும். போன்ல கேக்காம நேர்ல கூட்டிட்டுப் போய் வயித்த தொட்டுப் பாக்க வைங்க, ஸ்கேனும் ஈரல் ரத்த டெஸ்ட்டும் கேளுங்க.

கரிசக்காட்டான்
அண்ணே படிச்சதும் பயந்து போயி அம்மா கண்ண டார்ச் அடிச்சுப் பாத்தேன், வெள்ளையாத்தான் இருக்கு. தோள் வலி போயிருச்சு, நல்லா நடக்காங்க. ஆனா நேத்து வீட்டுக்கு விருந்தாளி வந்தாங்கன்னு அம்மாவே பூரி சுட்டு குருமாவோட மூணு சாப்பிட்டுட்டாங்க, கொஞ்ச நேரத்துலயே அவசரமா பாத்ரூம் போகணும்னு ஓடுனாங்க, அதுலருந்து தண்ணியா நாலஞ்சு தடவ போயிருச்சு. இனிமே இப்படித்தானா?

வார்டு சிஸ்டர்
காய்ச்சல் இருக்கா? யூரின் நிறம் எப்படி? மலத்துல ரத்தம் ஏதும் உண்டா? காலைல இட்லி சாப்பிட்டப்பவும் ஓடுனாங்களா, இல்ல பூரிக்கு மட்டுமா?

கரிசக்காட்டான்
காய்ச்சல் இல்ல, ரத்தம் இல்ல, யூரின் சாதாரணமாத்தான் இருக்குங்காங்க. இன்னிக்கு காலைல இட்லி சாப்பிட்டாங்க, ஒண்ணும் இல்ல. காபி குடிச்சதுக்கப்புறம் ஒரு தடவ போனாங்க.

வார்டு சிஸ்டர்
அப்ப எனக்குத் தோணுறத சொல்றேன். பை இல்லாததால பித்தநீர் எப்பவும் சொட்டிக்கிட்டே இருக்கு. சிறுகுடல் அதத் திரும்ப உறிஞ்சிக்கும், கொஞ்சம் தப்பிச்சு பெருங்குடலுக்குப் போனா அது அங்க தண்ணிய இழுத்து விட்டுரும். ஒரே வேளைல மூணு பூரி எண்ணெய் போனா அதுதான் நடக்கும். நிறைய பேருக்கு சில வாரத்துல குடல் பழகிரும். அது வரைக்கும் பூரி, வடை, காபி இது மூணையும் நிறுத்துங்க, வாழைப்பழம், ஓட்ஸ் கஞ்சி, நல்லா வெந்த கேரட் குடுங்க. நார்ச்சத்து நல்லதுன்னு கேட்டுட்டு திடீர்னு கீரையும் சுண்டலுமா கொட்டிராதீங்க, உப்பிக்கும். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டு இன்னிக்கு கொஞ்சம் கொஞ்சமா குடிக்கட்டும், சுகரையும் ஒரு தடவ பாத்துக்கோங்க, மெட்ஃபார்மின் போடுறாங்கன்னா அதுவும் வயித்தால போக ஒரு காரணமா இருக்கலாம். ஒரு மாசம் தாண்டியும் தினமும் இப்படி ஓடுனா சர்ஜன்ட்ட சொல்லுங்க, பித்தநீரக் கட்டுறதுக்குன்னே பவுடர் மருந்து இருக்கு, கேட்டாத்தான் எழுதுவாங்க.

மேட்டுப்பாளையத்தார்
பாத்தீங்களா, எண்ணெய் ஆகாதுன்னு நான் அப்பவே சொன்னனுங்க.

சர்ஜரி பிஜி
மூணு பூரி ஒரே வேளைக்கு ஆகாது, அது வாஸ்தவம். ஆனா சித்தப்பா வருசக்கணக்கா ஆவில வெந்தது மட்டும் சாப்பிடத் தேவையில்ல, ஒரு தடவ டாக்டர பாத்து கேட்டுட்டு மெதுவா ஆரம்பிக்கச் சொல்லுங்க. கொழுப்பே இல்லாம இருந்தா ஏ, டி, ஈ, கே வைட்டமின் உடம்புல சேராது.

மலைக்கோட்டை மங்கை
தம்பிக்கு சிடில அந்த கெட்டிப்பட்டது இருக்குன்னு எழுதியிருந்துச்சு, அன்னிக்கே எடுத்துட்டாங்க, உடையல. பைக் எப்ப ஓட்டலாம்னு கேட்டுட்டே இருக்கான். குடம் தூக்குறது, ஜிம் எல்லாம் எப்பன்னும் சொல்லுங்க.

சர்ஜரி பிஜி
ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு, வலி மாத்திரை இல்லாம, திடீர்னு பிரேக் புடிச்சா வயித்துல சுருக்குனு இல்லேன்னா ஓட்டலாம். ஆபீஸ் வேலையும் அதே நேரந்தான். தண்ணிக் குடம், கேஸ் சிலிண்டர், ஜிம்முல வெயிட்னா 4 வாரமாவது போகட்டும், தொப்புள் பக்கத்து ஓட்டை வழியா குடல் பிதுங்குறதுக்கு வாய்ப்பு இருக்கு. வயித்த கிழிச்சு செஞ்சவங்களுக்கு 6 வாரத்துலருந்து 8 வாரம். கரிசக்காட்டான் அண்ணே, அம்மாவும் குடம் தூக்குறவங்கதானே, அவங்களுக்கும் இதுதான்.

கரிசக்காட்டான்
சரிங்க, குடத்த நான் பாத்துக்கிடுதேன். வயித்தால போறது இன்னிக்கு நின்னுருச்சு. டிஸ்சார்ஜ் பேப்பர்ல பயாப்சி ரிப்போர்ட் வாங்க வரணும்னு போட்டிருக்கு, அம்மா அதப் பாத்து கேன்சரான்னு கேக்காங்க. கல்லுதானே எடுத்தாங்க, எதுக்கு பயாப்சி?

வார்டு சிஸ்டர்
எடுத்த பித்தப்பைய அனேகமா எல்லாருக்கும் அனுப்புவாங்க தம்பி, அம்மாவுக்கு மட்டும் சந்தேகப்பட்டு அனுப்பல. பெரும்பாலும் கல்லால வந்த பழைய வீக்கம்னுதான் எழுதி வரும். ரொம்ப அபூர்வமா ஸ்கேன்ல தெரியாத ஏதாவது அதுல தெரியும், அதுக்காகத்தான் பாக்குறது. தையல் பிரிக்கப் போற அன்னிக்கே லேப் கவுன்டர்ல நம்பரக் காட்டி கேளுங்க, வரலேன்னா எப்ப வரும்னு எழுதி வாங்கிக்கோங்க. வாங்கின பேப்பர சர்ஜன் ஒரு தடவ படிச்சுப் பாத்தாருன்னு உறுதி பண்ணிட்டு ஃபைல்ல வைங்க.